நட்சத்திரம் போட்ட எண்

நாலு மணிக்கு அலாரம் அடித்தது. சக்கரபாணி கண்ணைத் திறக்காமலே போனைத் தடவி எடுத்து நிறுத்தினான். ராத்திரி ஒன்பதிலிருந்து கறுப்பு வெள்ளையாய், மங்கலாய்க் கிடந்த திரை பளிச்சென்று பழைய கலருக்கு வந்தது. கலரோடு சேர்ந்து ஒன்பது மிஸ்டு கால் வந்து நின்றது.

விடியக்காலையில் ஒன்பது மிஸ்டு கால் என்றால் யாருக்குத்தான் நல்ல நினைப்பு வரும்? தூக்கம் போன இடம் தெரியவில்லை. முதல் கால் பதினொன்று நாற்பத்தொன்றுக்கு. பேரைப் பார்த்தான். ‘கலை திண்டிவனம்’. கட்டிலில் உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடியே இருந்தான்.

கலைப்பிரியா அவன் மனைவி. தலைப்பிரசவம், திண்டிவனத்தில் அம்மா வீட்டுக்குப் போய் ஒன்றரை மாதம் ஆகிறது. டாக்டர் குறித்துக் கொடுத்த தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் இவன் விழுப்புரத்தில் ஒண்டிக்கட்டையாய்ப் படுத்துக் கிடந்தான். வேலை தனியார் பஸ்ஸில் டிரைவர். விழுப்புரத்திலிருந்து காணைக்கு அஞ்சு பத்துக்கு முதல் டிரிப்.

அந்தப் போனை ராத்திரியில் ஊமையாக்கினவள் கலைப்பிரியாதான். சும்மா ஆக்கவில்லை. டிரைவர்கள் வாட்சப் குரூப் என்று ஒன்று இருக்கிறதே, அதில் இருக்கிறவர்களுக்குத் தூக்கமே கிடையாது. நடுராத்திரியில் ஒருவன் குட்மார்னிங் போடுவான், அதற்கு நாலு பேர் கும்பிடு போடுவார்கள். சக்கரபாணியும் ‘டிங்’ என்று கேட்டால் எடுத்துப் பார்க்கிற ஜாதி. அப்படி விடிய விடியப் பார்த்துவிட்டு ஒருநாள் காணை ரோட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் அசந்துவிட்டான். பஸ் கரும்புக் கொல்லை ஓரம்வரை போய் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கேள்விப்பட்ட அன்றைக்கே கலைப்பிரியா போனைப் பிடுங்கிக்கொண்டாள். கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தவள், அவளுக்கு இதெல்லாம் கைவந்த கலை.

“பெட்-டைம் மோடு போட்டுட்டேன். ஒம்போதுலேர்ந்து நாலு வரைக்கும் எவன் மெசேஜ் போட்டாலும் சத்தம் வராது. கலரும் போயிடும், பாக்கவே புடிக்காது. அலாரம் மட்டும் அடிக்கும்.”

“அவசரம்னா?”

“என் பேருக்கு ஸ்டார் போட்டிருக்கேன். ஸ்டார் போட்டவங்க கூப்பிட்டா அடிக்கும். மத்தவங்கன்னா, ஒரே நம்பர்லேர்ந்து கால்மணி நேரத்துக்குள்ள ரெண்டாவது வாட்டி வந்தா அடிக்கும்.”

அம்மா வீட்டுக்குக் கிளம்பிய அன்றைக்கு இன்னொரு ஏற்பாடும் நடந்தது. அதைச் செய்தவன் இவன். “வலி வந்தா பேசிக்கினு நிக்காத. ஒரு மிஸ்டு கால் குடு, போதும். நான் திருப்பிக்கூட அடிக்க மாட்டேன், நேரா பைக்க எடுத்துடுவேன்” என்றான். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

எல்லாம் சரியாகத்தான் யோசித்தார்கள். பிறகு திண்டிவனம் போனவளுக்கு வீட்டுக்குள் சிக்னல் கிடைக்கவில்லை. தம்பி பூவரசன் வேறு கம்பெனி சிம் ஒன்று வாங்கிக் கொடுத்தான். புது எண் வந்ததும் இந்த மகராசன் என்ன செய்தான்? பழைய ‘கலை’ பேருக்குள்ளே அதைச் சேர்க்காமல், ‘கலை திண்டிவனம்’ என்று புதுசாக ஒரு பேர் போட்டு ஏற்றிவைத்தான். நட்சத்திரம் பழைய பேரிலேயே தங்கிவிட்டது. தினமும் ஏழு மணிக்கே பேசி முடித்துவிடுவார்கள், அதனால் இருவருக்குமே அது தெரியவில்லை. படுபாவி, ஒரு நட்சத்திரத்தைத் தொட எவ்வளவு நேரம் ஆகும்?

சக்கரபாணிக்கு இது அந்தக் கட்டிலிலேயே புரிந்துவிட்டது. மற்ற மிஸ்டு கால்களைப் பார்த்தான். ஒரு மணி இரண்டு நிமிஷத்துக்கு மாமியார் வீரம்மாள். ஒன்று இருபதுக்குப் பூவரசன். அப்புறம் திண்டிவனத்தில் அவர்களுக்குப் பக்கத்து வீட்டு சங்கவி, அப்புறம் தெரியாத எண்கள். பூவரசன் மட்டும் இரண்டு தடவை கூப்பிட்டிருந்தான், இரண்டாவது இரண்டு பத்துக்கு. நடுவில் ஐம்பது நிமிஷம். மற்றவர்கள் ஆளுக்கு ஒன்றே ஒன்று. ஒரு புண்ணியவான் உடனே இன்னொரு தடவை அழுத்தியிருந்தால் வீடே அதிர அடித்திருக்கும்.

கலைப்பிரியாவுக்குப் போட்டான். எடுக்கவில்லை. வீரம்மாளுக்குப் போட்டான். வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். பூவரசனுக்குப் போட்டான். உடனே எடுத்தான்.

“யாருங்க?” என்றது பூவரசன் குரல்.

“நான்தான் பூவரசா. அக்காவுக்கு என்ன ஆச்சு?”

மூச்சு மட்டும் கேட்டது.

“பூவரசா?”

“யாருங்க பேசறது? போன் எங்க கெடைச்சுது உங்களுக்கு?”

“டேய், நான்தான்டா, மாமா. வீட்ல இருக்கேன்.”

மறுபக்கம் ஏதோ தரையில் இடித்த சத்தம். பூவரசன் அப்படியே உட்கார்ந்துவிட்டான் போலிருக்கிறது. பிறகு அவன் அழ ஆரம்பித்தான். இருபத்தி நாலு வயது ஆள், சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதான்.

“மாமா, நான் முண்டியம்பாக்கத்துல மார்ச்சுவரி வாசல்ல நிக்கறேன்.”

சக்கரபாணி கட்டிலை விட்டு எழுந்துவிட்டான். பூவரசன் நிறுத்தவில்லை.

“விக்கிரவாண்டி டோல்கேட்டாண்ட ஒரு பைக்கு லாரிக்கு அடியில போயிடுச்சு. உங்களுது மாதிரியே ப்ளூ சட்டை, உங்க வயசு. மொகம் தெரியல. போலீஸு பாடிய பாக்கறியான்னு கேட்டாரு. உள்ள போகப் போறேன், நீங்க போன் பண்றீங்க.”

“அக்கா?”

“பொண்ணு பொறந்திருக்கு. மூணு இருவதுக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நீங்க எங்க மாமா இருந்தீங்க?”

இவன் சொல்வதற்குள் பூவரசனே மூக்கை உறிஞ்சிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். பன்னீர்க்குடம் உடைந்ததும் அக்கா முதல் வேலையாக மிஸ்டு கால் கொடுத்தாள். ‘அவரு கெளம்பிட்டாரு, யாரும் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணாதீங்க’ என்று சொல்லிவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினாள். ஒரு மணிக்குள் வந்திருக்க வேண்டிய ஆள் வரவில்லை. அம்மா ஒரு தடவை அடித்துப் பார்த்தாள். எடுக்கவில்லை. ஹைவேயில் வண்டி ஓட்டுகிறவனுக்கு மேலே மேலே அடித்தால் ஒரு கையால் எடுக்கப் பார்ப்பான், பேஜாராகிவிடும் என்று வைத்துவிட்டாள். அதே பயம்தான் எல்லோருக்கும். ‘உன் போன்ல ஒருவாட்டி போட்டுப் பாரு’ என்று ஆஸ்பத்திரியில் இருந்தவர்களிடமெல்லாம் கேட்டு, ஆளுக்கு ஒரு தடவை அடித்தார்கள். வீட்டில் தூங்குகிறான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்கா அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருந்தாள்.

“பள்ளம் பள்ளமா டார்ச் அடிச்சுப் பாத்துக்கினே வந்தேன் மாமா” என்றான் பூவரசன்.

சக்கரபாணி கண்டக்டர் திருமுருகனை எழுப்பி, வேறு டிரைவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். முண்டியம்பாக்கத்தில் ஆஸ்பத்திரி வாசலில் பூவரசன் காத்துக்கொண்டிருந்தான். இவனைப் பார்த்ததும் ஓடிவந்து சட்டையைப் பிடித்துக்கொண்டான். கட்டிப்பிடிக்கவா அடிக்கவா என்று அவனுக்கே தெரியவில்லை. கொஞ்சநேரம் பிடித்திருந்துவிட்டு விட்டான். “போங்க, நான் பின்னாலயே வர்றேன்” என்றான். டோல்கேட் தாண்டும்போது ரோட்டில் கண்ணாடித்தூள் மின்னியது. சக்கரபாணி அந்தப்பக்கம் பார்க்காமல் ஓட்டினான். யாரோ ஒருத்தன் வீட்டிலும் இந்நேரம் போன் அடித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டே போனான்.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் வீரம்மாள் வார்டு வாசலிலேயே நின்றாள். கையில் துணி சுற்றிய குழந்தை. குழந்தை வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. மருமகனை மேலும் கீழும் பார்த்தாள். ஓர் அடி கூட முன்னால் வரவில்லை.

“உசுரோட இருக்கீங்களே மாப்ள, அது போதும். உள்ள போங்க. பூவரசன் போன் பண்ண உடனே அவகிட்ட சொல்லிட்டேன். நம்ப மாட்டேன்றா” என்றாள்.

கலைப்பிரியா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். மெதுவாகத் திரும்பினாள். அழுது வீங்கிய முகம். கையை நீட்டி அவன் முழங்கையைத் தொட்டாள், தோளைத் தொட்டாள், தாடையைத் தொட்டாள். எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கிறவள் மாதிரி தொட்டாள்.

“எங்க இருந்தீங்க?”

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி பார்த்தான். வண்டி பஞ்சர், போனில் சார்ஜ் இல்லை, எத்தனையோ இருக்கிறது. வாய் வரவில்லை.

“தூங்கினு இருந்தேன் கலை. உன் புது நம்பருக்கு ஸ்டார் போடல.”

அவள் திட்டியிருந்தால் தேவலை. கம்ப்யூட்டர் சென்டர்காரி, ஒரே வரியில் அவளுக்கு முழுக்கப் புரிந்துபோயிற்று. கண்ணை மூடிக்கொண்டாள்.

“அம்மா வாசல்ல யாருகிட்டயோ மார்ச்சுவரின்னு சொல்றது கேட்டுச்சு. அப்பதான் பொறந்தா. நர்ஸு தூக்கிக் காட்டினாங்க. பக்கத்து பெட்டு பொம்பள சொன்னா, பொறக்கும்போதே அப்பன முழுங்கிட்டு வந்திருக்குன்னு. நான் மொகத்தத் திருப்பிக்கினேங்க. எனக்கு வேணாம், எடுத்துக்கினு போயிடுங்கன்னு சொல்லிட்டேன். பால் குடுக்கச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன். எம்பொண்ண நானே…”

மூணு இருபதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வாசலில் குழந்தையின் குரல் கம்மத் தொடங்கியிருந்தது.

சக்கரபாணி வெளியே போய்க் குழந்தையை வாங்கி வந்தான். மகள் முகத்தைப் பார்க்கக்கூடத் தெம்பு இல்லாமல் கலைப்பிரியா பக்கத்தில் கிடத்தினான். அவள் படபடவென்று எடுத்து மார்போடு அணைத்து, துணியை விலக்கி, “பசியில கெடந்தியாடி, இவ்வளவு நேரம் பசியில கெடந்தியா” என்று கேட்டுக் கேட்டு அழுதாள். குழந்தை பால் குடிக்க ஆரம்பித்தது. சத்தம் நின்றது.

அவன் ஒற்றை விரலை நீட்டிக் குழந்தையின் பாதத்தைத் தொடப் போனான். கலைப்பிரியா குழந்தையோடு கொஞ்சம் அந்தப்பக்கம் நகர்ந்து படுத்தாள்.

“நீங்க அப்பறம் தொட்டுக்கோங்க. கொஞ்ச நேரம் வெளிய இருங்க” என்றாள்.

அவன் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். கதவு மூடிக்கொண்டது.