கூட்டு ஒப்பந்தத்தில் காணாமல் போன பிரிவு

நோட்டரி அலுவலகத்தில் முத்திரைத்தாளில் அடித்து வைத்திருந்த கூட்டு ஒப்பந்தத்தைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குடிநீர்த் துறை டெண்டர். தொட்டி கட்டுவது என் தங்கை கணவரின் கம்பெனி, பம்பு பொருத்துவது என் பட்டறை. டெண்டர் கேட்பது இரண்டு வேலையிலும் அனுபவம். தனித்தனியாகப் போனால் இருவரையும் வாசலிலேயே கழித்துவிடுவார்கள். மாலைக்குள் இணையத்தில் ஏற்றியாக வேண்டும்.

வேலைப் பங்கீடு சரியாக இருந்தது. மாப்பிள்ளை தலைமை உறுப்பினர். துறை தரும் பணம் அவர் கணக்குக்கு வந்து, என் பங்கு எனக்கு வரும். அதுவும் சரி. துறைக்கு இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. டெண்டரே அப்படித்தான் கேட்கிறது, மாற்ற முடியாது. அதனால்தான் வரைவில் ஒரு பிரிவு எழுதியிருந்தேன்: யார் வேலையில் குறை வருகிறதோ, அவர் மற்றவரின் நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும். அதைத் துடைத்து எடுத்திருந்தார்கள். அவர் கட்டிய தொட்டி ஒழுகினால் முழுப் பணத்தையும் துறை என்னிடமே வசூலிக்கலாம். பட்டறை போகும். அவரிடம் திருப்பிக் கேட்க என் கையில் ஒரு வரிகூட இருக்காது.

துறையின் மாதிரிப் படிவத்தில் அந்தப் பிரிவு இல்லை, அதனால் எடுத்துவிட்டோம் என்றார் மாப்பிள்ளை, ஒன்றுமறியாத முகத்தோடு. யார் காதில் பூ சுற்றுகிறார்? படிவம் துறைக்கு. நமக்குள் யார் எதைத் தாங்குவது என்று நாம் எழுதிக்கொண்டால் துறைக்கு என்ன வந்தது? என் தலையில் மிளகாய் அரைக்க வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று கத்தினேன். டைப் அடிப்பவர் கையை எடுத்துவிட்டுப் பார்த்தார்.

"அவரைத் திட்டாதண்ணே," என்றாள் தங்கை. அந்தக் கம்பெனிக்குக் கணக்குப் பார்ப்பவள் அவள். "நான்தான் எடுக்கச் சொன்னேன்."

போன வேலையில் அவர்கள் கட்டிய தொட்டி ஒழுகியதாம். அதைச் சரிசெய்யவே வீட்டை அடகு வைத்தாகிவிட்டதாம். இன்னொரு தடவை அப்படி ஆனால் தெருவில்தான் நிற்க வேண்டும், அண்ணனும் தாங்கினால் சமாளிக்கலாம் என்று நினைத்தாளாம். நினைத்தவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! என்னை நம்பிப் பட்டறையில் எட்டுக் குடும்பம் சாப்பிடுகிறது.

"அந்தப் பிரிவு திரும்ப வந்தா கையெழுத்து," என்றேன். "இல்லைன்னா நான் கிளம்பறேன்."

தங்கைதான் டைப் அடிப்பவரிடம் புதுத் தாள் கொடுத்து, நான் எழுதிய பிரிவை ஒரு சொல் விடாமல் வாசித்துச் சொன்னாள். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். நோட்டரி முத்திரை குத்தினார்.

வெளியே படிக்கட்டில் என்னை நிறுத்தினாள். கண் சிவந்திருந்தது.

"இனிமே கம்பெனி விஷயம்னா அவருக்கு போன் பண்ணு," என்றாள். "எனக்குப் பண்ணாத."

டெண்டர் எங்களுக்கே கிடைத்தது. செய்தியை மாப்பிள்ளைதான் சொன்னார். பக்கத்தில் அவள் இருந்திருப்பாள். போனை அவளிடம் கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.