மேலே இருக்கும் இரண்டு வரி

வீடியோ ஆறு மணிக்கு வெளியாகும்படி நேரம் குறித்து வைத்திருந்தேன். ஐந்து மணிக்கு லக்ஸ்மன் அண்ணா கொழும்பிலிருந்து அழைத்தார். நெற்றியில் கட்டும் விளக்கை எனக்கு அனுப்பிய கம்பெனியின் விளம்பரப் பொறுப்பாளர் அவர்.

"எல்லாம் வடிவா இருக்கு தங்கச்சி. நான் சொன்ன இடத்தையும் வெட்டிப்போட்டீங்கள். கீழ எழுதின அந்த வசனத்தை மட்டும் மாத்தாதேங்கோ. சனம் அதைப் பாத்துத்தான் நம்பும்."

அந்த வசனம் என்னுடையதுதான். ஹட்டனில் உயர்தர வகுப்பு படித்துக்கொண்டே நடத்தும் என் சேனலில், இனாமாக வந்த பொருளைப் பிரித்துக் காட்டும்போதெல்லாம் வீடியோவுக்குக் கீழே வரும் குறிப்பின் முதல் இரண்டு வரியாக அதைத்தான் ஒட்டுவேன். 'இந்தப் பொருளைக் கம்பெனி இலவசமாகத் தந்தது. வீடியோவை அவர்கள் முன்கூட்டிப் பார்க்கவில்லை, கருத்து என்னுடையது.' அதன் கீழே சிறு விவரம். இந்த முறை அது கம்பெனி கொடுத்த வாசகம்: 'முழு வெளிச்சத்தில் எட்டு மணி நேரம்.' பணம் பெற்ற விளம்பரம் என்ற கட்டத்திலும் மறக்காமல் டிக் போட்டிருந்தேன். அப்படி ஒரு நேர்மைக்காரி நான்!

விளக்கு மூன்று மணி நேரத்தில் மங்கிவிட்டது. அதைப் படம் பிடித்தும் வைத்திருந்தேன். "இது பெட்டி பிரிக்கிற வீடியோதானே, சோதனை எதுக்கு?" என்று, வீடியோவை முன்பே வாங்கிப் பார்த்த லக்ஸ்மன் அண்ணா கேட்டார். இது சரியாகப் போனால் அடுத்ததாகப் புது போன் அனுப்புவோம் என்றும் சொன்னார். என் போனின் கேமரா கண்ணாடியில் விரிசல். விளக்கு மங்கும் பகுதியை வெட்டிவிட்டேன்.

ஐந்து இருபதுக்கு, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் மீனம்மாக்கா வாசலில் வந்து நின்றார். மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்தவர், தலைத்துண்டைக்கூட அவிழ்க்கவில்லை.

"ஒன் வீடியோ வந்துருச்சா புள்ள? நாளைக்கு ராத்திரி நல்லதண்ணியில இருந்து சிவனொளிபாத மலை ஏறப் போறோம். சீசன் தொடங்கல, படியில லைட்டு கெடையாது. நீ காட்டுற லைட்டத்தான் காலையில ஹட்டன்ல வாங்கலாம்னு இருக்கோம். புள்ளைகளும் வருதுங்க."

"வேற நல்ல லைட்டும் இருக்குக்கா..."

"கடைக்காரன் ஆயிரம் சொல்லுவான். நீதான் கம்பெனிக்காரன் பாக்கலன்னு மேலயே எழுதிருவியே. அதப் படிச்சுட்டுத்தான் நாங்க மிச்சத்தையே பாப்போம்."

எனக்கு முகம் எரிந்தது. லக்ஸ்மன் அண்ணாவுக்கு வேண்டியிருந்தது விளக்கின் பெருமை அல்ல, என்னுடைய அந்த இரண்டு வரி. அதுதான் இப்போது பச்சைப் பொய். அதையும் நானே ஒட்டியிருக்கிறேன்.

வெட்டிய பகுதியைச் சேர்த்துப் புதிதாக ஏற்ற எங்கள் லயத்துச் சிக்னலுக்கு ராத்திரி முழுக்க வேண்டும். எழுத்தை மாற்ற இரண்டு நிமிடம் போதும். ஆனால் மழையில் லயத்துச் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது; கொஞ்சமாவது நிற்பது மேலே, தோட்டத்து ஆட்கள் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில்தான். மழையில் ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது ஐந்து நாற்பது. முதலில் லக்ஸ்மன் அண்ணாவை அழைத்தேன். முதுகுக்குப் பின்னால் செய்வது எனக்குப் பிடிக்காது.

"வசனத்த மாத்தப் போறேண்ணா. நீங்க பாத்தீங்கதானே?"

"உங்களுக்கென்ன விசரா? மாத்தினால் போனை மறந்திடுங்கோ. லைட்டையும் திருப்பி அனுப்புங்கோ."

"அனுப்புறேண்ணா."

அழைப்பைத் துண்டித்தேன். ஒரு புதுப் போனுக்காக ஒரு வருஷமாக ஏங்கியிருந்தேன். ஈர விரலுக்குத் திரை நகரவில்லை. பாவாடையில் துடைத்துவிட்டு எழுதினேன்: 'விளக்கு இலவசம், புது போனும் தருவதாகச் சொன்னார்கள். கம்பெனி இந்த வீடியோவை முன்பே பார்த்தது. விளக்கு மூன்று மணி நேரத்தில் மங்கியதை நீக்கச் சொன்னது. நீக்கினேன்.' எட்டு மணி நேரம் என்ற வரியை அழித்தேன். சேமி என்பதை அழுத்தினேன். வட்டம் சுற்றியது. சிக்னல் போனது, வந்தது, மறுபடி போனது. சேமிக்கப்பட்டது என்று வந்தபோது ஐந்து ஐம்பத்தெட்டு.

கீழே இறங்கி வந்தபோது மீனம்மாக்கா தன் போனோடு எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் நான்கு பெண்கள். குறிப்பை விரித்து, ஒவ்வொரு சொல்லாக உரக்கப் படித்தார். 'நீக்கினேன்' என்ற இடத்தில் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீயா வெட்டுன?"

"ஆமாக்கா."

மீனம்மாக்கா போனை அணைத்து மடியில் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"பழைய டார்ச்சுக்கு நாலு பேட்டரி வாங்கிக்குவோம்" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு மீனம்மாக்கா எழுந்தார். வீடியோவை யாருமே பார்க்கவில்லை. "அடுத்த தடவை மேல எழுதுறத மட்டும் நம்பாம ஒன்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கிறோம் புள்ள."

உள்ளே போய் விளக்கை அதன் பெட்டியில் வைத்து மூடி, டேப் ஒட்டினேன். அதை நான் படம் பிடிக்கவில்லை.