முழு வேகத்தில் ஓர் ஆட்டம்

சென்னையில் மூன்றாவது தடவையும் குழந்தைக்கான சிகிச்சை பலிக்காமல் தீவுக்குத் திரும்பி வந்த மாதம், திருநாவுக்கரசு பத்துபஸ்திப் பகுதியில் இருந்த வீட்டின் சின்ன அறையில் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வைத்தான். அந்த அறைக்கு வேறொரு உபயோகம் நினைத்திருந்தார்கள். அதைப் பற்றி அவனும் பேசவில்லை, அவன் மனைவி வைஜெயந்தியும் பேசவில்லை.

எல்லோரும் அரசு என்று கூப்பிடும் அவனுக்குக் கட்டட கான்ட்ராக்ட் வேலை. சாயங்காலம் வந்து குளித்துவிட்டு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பான். ராஜ்ஜியம் கட்டும் விளையாட்டு அது. கொஞ்சம் குடியானவர்களோடு ஆட்டம் ஆரம்பிக்கும். அவர்களை வைத்து உணவும் மரமும் தங்கமும் சேர்த்து, ஊரைப் பெருக்கி, படை திரட்டி, எதிராளியின் ஊரை அழிக்க வேண்டும். சதுரங்கம் போல முறை வைத்து ஆடுவதில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

கப்பல் டிக்கெட் கவுண்டரில் நாள் முழுக்க ஜனங்களோடு மல்லுக்கட்டிவிட்டு வரும் வைஜெயந்திக்கு, வீட்டில் பேச ஆள் இல்லை. ஒருநாள் அவன் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கும் சொல்லித் தாங்களேன்."

அவன் திரும்பிப் பார்த்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தான். "நிஜமாவா?"

முதல் பாடமே வரிசைதான். முதலில் வருகிறவர்கள் ஆட்டை அடித்து உணவு சேர்க்கணும், அடுத்தவர்கள் மரம் வெட்டணும், ஊர் நிரம்புவதற்கு முன்னாலேயே அடுத்த வீட்டைக் கட்டிவிடணும். நடுவில் இருக்கும் ஊர்மன்றத்திலிருந்து ஆள் வந்துகொண்டே இருக்கணும், ஒரு நொடி சும்மா இருக்கக் கூடாது.

"வீடு ஏன் இப்பவே கட்டணும்? இன்னும் இடம் இருக்கே."

"கேள்வி கேக்காத வைஜி. கை தானா போகணும். ஜல்தி, ஜல்தி! பாரு, மன்றம் சும்மா நிக்குது!"

அவள் எதையும் காரணம் தெரிந்தால்தான் பிடித்துக்கொள்வாள். அவனுக்கு அந்தப் பொறுமை இல்லை. இரண்டாவது வாரத்திலேயே பெருமூச்சு விட ஆரம்பித்தான். மூன்றாவது வாரம், "விடு, உனக்கு இது சரிப்படாது" என்று மவுஸை வாங்கிக்கொண்டான்.

அவள் விடவில்லை. காலை ஷிப்டு முடிந்து வரும் மதியங்களில் அவன் சைட்டில் இருப்பான். விளையாட்டின் முகப்பில், தனியாக ஆடுவதற்கென்று கதையாகப் போகும் பகுதி ஒன்று இருந்ததைக் கண்டுபிடித்தாள். அதில் 'சுலபம்' என்று ஒரு நிலை. வேகத்தைக் குறைக்கலாம். நிறுத்திவைத்து, யோசித்து, உத்தரவு கொடுத்துவிட்டு மறுபடி ஓடவிடலாம். முதல் கட்டத்தில் ஊரே கிடையாது. நாலு வீரர்களை ஆற்றைத் தாண்டிக் கூட்டிப்போனால் போதும். அடுத்ததில் வயல் போடச் சொன்னது. அதற்கடுத்ததில் மதில்.

அவசரப்படுத்த யாரும் இல்லாததால் அவளுக்கு விளங்க ஆரம்பித்தது. வீடு தாமதமானால் ஆள் வருவது நிற்கும். ஆள் நின்றால் மரம் குறையும். மரம் குறைந்தால் வயல் போட முடியாது, வயல் இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு உணவில்லை. அரசு மனப்பாடம் பண்ணச் சொன்ன வரிசையில் எதுவும் மந்திரமில்லை, ஒவ்வொன்றும் அடுத்ததைத் தாங்கி நின்றது. காரணம் புரிந்ததும் கை தன்னாலேயே போயிற்று. மெல்ல வேகத்தைக் கூட்டினாள். 'நடுத்தரம்' என்ற நிலைக்குப் போனாள். மழைக்காலம் முடிவதற்குள் நிறுத்திவைக்காமலே ஆடப் பழகிவிட்டாள்.

அவனிடம் சொல்லவில்லை. நல்லா வந்தபிறகு காட்டலாம் என்று ஆசை.

அதற்கு வேளை வந்தது. ஜங்லிகாட்டில் அரசுவின் நண்பன் பிஸ்வாஸ் நடத்தும் கேமிங் கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி, அணிக்கு நாலு பேர். அரசுவின் அணியில் ஒருவன் திடீரென்று மெயின்லேண்டு போய்விட்டான்.

"நான் வரேங்க," என்றாள்.

அவன் தயங்கினான். வேறு ஆள் இல்லை.

கடையில் ஏ.சி. வேலை செய்யவில்லை. அரசுவுக்குப் பக்கத்து இடம் அவளுக்கு. ஆட்டம் தொடங்கியதும் அவள் விரல்கள் பதறவில்லை. ஆடு, மரம், வீடு, வயல். அரசு தன் திரையிலிருந்து ஒருமுறை எட்டிப் பார்த்தான். அவளுடைய ஊர் அவனுக்கு முன்னாலேயே வளர்ச்சியின் அடுத்த படிக்கு உயர்ந்திருந்தது.

"எங்கே கத்துக்கிட்டே?"

அவள் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் சிரித்தாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அத்தனை மதியங்களும்.

அப்புறம் எதிரணியின் குதிரைகள் அவளுடைய மரம்வெட்டிகளுக்குள் புகுந்தன. இரண்டு பேர் செத்தார்கள். அவள் ஒரு கணம் திகைத்தாள், முழு வேகத்தில் நிஜ ஆளோடு அவள் ஆடியதில்லை. ஆனால் அடுத்த கணம் ஊரின் அபாய மணியை அடித்தாள். குடியானவர்கள் எல்லோரும் மன்றத்துக்குள் ஓடிப் புகுந்தார்கள், மன்றத்திலிருந்து அம்புகள் பறக்கத் தொடங்கின. படைக்கூடத்தில் ஈட்டிக்காரர்களை உருவாக்கும்படி வரிசையாக உத்தரவு கொடுத்தாள். குதிரைக்கு ஈட்டிதான் எமன். அவர்கள் வெளியே வர இன்னும் சில நொடிகள் வேண்டும்.

"என்ன பண்றே? எல்லாம் போச்சு!"

அரசுவின் கை அவள் கையைத் தள்ளிவிட்டு மவுஸைப் பிடுங்கியது. ஈட்டிக்காரர்களை ரத்து பண்ணினான். குடியானவர்களை வெளியே இறக்கிச் சண்டைக்கு அனுப்பினான். குதிரைகள் அவர்களை வெட்டித் தள்ளின. அதற்குள் கவனிக்க ஆளில்லாத அவனுடைய சொந்த ஊருக்குள் இன்னொரு படை நுழைந்திருந்தது. அவன் தன் திரைக்குத் திரும்பியபோது காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை.

தோற்ற பிறகு அவன் நாற்காலியைச் சுழற்றி நண்பர்களிடம் சொன்னான்: "சாரி பாய். என் தப்புதான். இவளைக் கூட்டிட்டு வந்திருக்கக் கூடாது."

பிஸ்வாஸ் ஆட்டத்தின் பதிவை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "அரே, அரசு பாய், வைஜி பாபியோட ஊர் நின்னிருக்குமே. ஈட்டி வர்ற நேரத்துல நீதான் கேன்சல் பண்ணியிருக்கே, தேக்கோ, நீயே பாரு."

"ஆஃப் பண்ணு அதை."

பிஸ்வாஸ் திரையை அணைத்தான்.

வண்டியில் திரும்பும்போது வைஜெயந்தி பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏர்போர்ட் சாலை மேட்டில் அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கொஞ்சம் பொறுத்திருக்கலாமில்ல? நான் சரியாத்தானே பண்ணிட்டு இருந்தேன்."

"பொறுக்கறதா? உனக்கு எல்லாமே லேட்டு. கவர்மெண்ட் பரீட்சை முடியட்டும்னே. வேலை நிரந்தரமாகட்டும்னே. டாக்டர் என்ன சொன்னாரு, ஞாபகம் இருக்கா? வயசு தாண்டிடுச்சுன்னு. அதுக்கும் லேட்டு, இதுக்கும் லேட்டு."

அவன் விளையாட்டைப் பற்றிப் பேசவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. இத்தனை வருஷம் அவன் வாயைத் திறந்து சொல்லாத ஒன்று, இரைச்சலுக்கு நடுவே முதுகைக் காட்டிக்கொண்டே வெளியே வந்துவிட்டது. பரீட்சையை முடிக்கச் சொன்னது அவனுடைய அம்மா. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அடுத்த வாரம் அவன் ஹெட்செட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"நாம ரெண்டு பேரும் ஒரு பக்கமா, கம்ப்யூட்டரை எதிர்த்து ஆடலாமா? மெதுவா வெச்சுக்கலாம்."

அது அவனுக்குத் தெரிந்த மன்னிப்பு. போன மாதம் கேட்டிருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடியிருப்பாள்.

"எனக்குத் தனியா ஆடறதுதாங்க பிடிச்சிருக்கு."

அவனோடு இருப்பதற்காகக் கற்றுக்கொண்டதில் விளையாட்டு மட்டும் அவளிடம் தங்கிவிட்டது. அவன் ஹெட்செட்டோடு சின்ன அறைக்குத் திரும்பிப் போனான்.

டிக்லிபூர் கவுண்டருக்கு ஆள் வேண்டும் என்று ஆபீசில் கேட்டார்கள். வீட்டை விட்டு ஒரு நாள் பயணத் தூரத்துக்கு யாரும் விரும்பிப் போவதில்லை. வைஜெயந்தி தன் பெயரைக் கொடுத்தாள். உத்தரவு வந்ததும் அரசுவிடம் சொன்னாள். அவன் டி.வி.யைப் பார்த்தபடி கேட்டான்.

"எத்தனை வருஷம்?"

"ரெண்டு. நீட்டினாலும் நீட்டுவாங்க."

போகாதே என்பான் என்று காத்திருந்தாள். அவன் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தான். கடைசியில், "அந்தக் கம்ப்யூட்டர்... அதை எடுத்துட்டுப் போறியா?" என்றான்.

"இல்லைங்க. அது உங்களோடது," என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போனாள்.