புதன் அஞ்சரை, அப்பா

ஞாயிற்றுக்கிழமை துணி மடித்த கையோடு அந்த வாரத்துச் செய்தியை எழுதிவிடுவேன். எங்கள் வாட்ஸாப் குழுவில் மூன்றே பேர். நான், என் கணவர், பள்ளி விட்டதும் பாப்பாவை அழைத்துவந்து தன் வீட்டில் பார்த்துக்கொள்ளும் அத்தை. உறவில்லை, பாப்பாவுக்கு அத்தை, எனக்கு அக்கா.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு இரண்டு நாள் மாலை ஷிஃப்ட் போட்டதும் செய்தியும் மாறியது.

"அக்கா, திங்கள், செவ்வாய், வெள்ளி பழையபடி நானே வந்துடுவேன். புதனும் வியாழனும் எனக்கு எட்டு மணி வரைக்கும் ட்யூட்டி, பாப்பாவோட அப்பா அஞ்சரைக்கு வருவார். லேட் ஆகும்னா நாலு மணிக்குள்ள இங்க சொல்லிடுவார், அவர் வர்ற வரைக்கும் பாப்பா உங்ககிட்டயே இருக்கட்டும். சொல்லாம ஆறு தாண்டுச்சுன்னா அவருக்கு ஃபோன் போடுங்க, எடுக்கலேன்னா லேப் லேண்ட்லைனுக்கு. என் செல்லு லாக்கர்ல இருக்கும்."

என் கணவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் போட்டார். அவருடைய குடும்பப் பொறுப்பு பெரும்பாலும் அந்த விரலோடு முடிந்துவிடும்.

அதன்பின் ஒவ்வொரு புதனும் வியாழனும் நாலு மணிக்குள் அவர் செய்தி டாண் என்று வந்தது. "மீட்டிங் இழுக்குது. ஏழரை ஆகும். சாப்பாடு குடுத்துடுங்க." விதிப்படி சரிதான். விதி எழுதிய மகராசியே நான்தானே.

மூன்றாம் வாரம் அக்கா என்னை வாசலிலேயே நிறுத்தினார். "அடுத்த வாரத்துலேந்து புதன், வியாழன் வேற ஆளப் பாத்துக்குங்கம்மா. தோளுக்கு ஆறு மணி தெரபி. ரெண்டு வாரமா போகல, கையே தூக்க முடியல."

"அவருக்கு ஆபீஸ்ல நெருக்கடிக்கா. கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா?"

அக்கா என் முகத்தைப் பார்க்காமல் பாப்பாவின் செருப்பைத் தேடப் போனார். அவர் கைவிட்டால் என் வேலை போய்விடும். என்ன பிடிவாதம் இந்தம்மாவுக்கு என்று அவர்மேல்தான் எரிச்சல் வந்தது, அறிவுகெட்ட எனக்கு.

இரவு தலை துவட்டும்போது பாப்பா என் காதில் சொன்னாள். "அம்மா, ஒரு ரகசியம். அப்பா ஒளிஞ்சு விளையாடறார். அத்தை வீட்டுக்கிட்ட மருந்துக்கடை எதிர்ல, நம்ம கார்ல. நானும் அத்தையும் பால் வாங்கப் போனப்ப பாத்தோம். கூப்பிட்டா ஆட்டம் கெட்டுடும்னு அத்தை சொன்னாங்க. நான் கூப்பிடவே இல்ல, தெரியுமா?"

எவ்வளவு பெருமை அந்த முகத்தில்.

அக்காவிடம் இன்னும் ஒரே ஒரு புதன் கேட்டேன். அன்று தோழியோடு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டதை வீட்டில் சொல்லவில்லை. நாலு மணிக்குள் மீட்டிங் வழக்கம்போல் இழுத்தது. ஐந்தரைக்கு மருந்துக்கடைப் படியில் போய் நின்றேன்.

கார் இருந்தது. சீட்டை நன்றாகச் சாய்த்து, செருப்பில்லாத காலை டாஷ்போர்டில் போட்டுக்கொண்டு, வயிற்றின்மேல் செல்போனை நிறுத்தி ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சிப்ஸ் பொட்டலத்தில் கை விடுவதும், விரல்களை ஒவ்வொன்றாகச் சப்புவதும், பிறகு துடைப்பதுமாக. எதில் துடைத்தார்? அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பின்சீட்டில் நான் வைத்திருந்த பாப்பாவின் மாற்றுச் சட்டையில். துடைத்துவிட்டு அதையே கழுத்துக்கு அண்டை கொடுத்துக்கொண்டார்.

களைப்பு என்று சொல்லியிருந்தால் நானே அரை மணி கொடுத்திருப்பேன். வேறு பெண்ணோடு பார்த்திருந்தால்கூட நாலு வார்த்தை கத்தியிருப்பேன். இந்த மனுஷனைப் பார்த்துக் கத்தக்கூட மனம் வரவில்லை, அருவருப்பாக இருந்தது. பிள்ளை சாப்பிட்டு முடிக்கட்டும், கைகால் கழுவி முடிக்கட்டும், யாரோ ஒருத்தியின் தோள் நொந்து போகட்டும் என்று கணக்குப் போட்டு ஒரு ஆள் காலை ஆட்டிக்கொண்டிருக்கிறான்.

அங்கேயே நின்று குழுவில் எழுதினேன்.

"அக்கா, சின்ன மாற்றம். இன்னிலேந்து புதன், வியாழன் அஞ்சரைக்கு அப்பா கார் மருந்துக்கடை எதிர்ல நிக்கும். பாப்பாவ கூட்டிட்டு வந்து கண்ணாடியத் தட்டினா போதும். சாப்பாடு அவர் குடுப்பார். நீங்க தெரபிக்குப் போங்க. கார் இல்லேன்னா மட்டும் லேபுக்குக் கூப்பிடுங்க."

வயிற்றின்மேல் இருந்த போன் அதிர்ந்தது. கால் இறங்கியது. சீட் மெல்ல நிமிர்ந்தது. தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். படியில் நின்ற நான் கண்ணில் படவில்லை.

அதற்குள் அக்கா பாப்பாவோடு வந்துவிட்டார். பாப்பா அவர் கையை உதறி ஓடிப்போய்க் கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள்.

"அப்பா! கண்டுபிடிச்சுட்டேன்!"

ஒரு நொடிதான் விழித்தார். பிறகு கதவைத் திறந்து, எண்ணெய்க் கையாலேயே அவளைத் தூக்கிக்கொண்டு சிரித்தார்.

"அடடா, அப்பா தோத்துட்டேனே!"