கோடு விழுந்த வரி

ஊரிகத்தில் ரயில் ஏறிய ஜூடித்துக்கு, மாரிகுப்பத்திலேயே ஏறிவிட்ட பெண்கள் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். உட்கார்ந்ததும் லேப்டாப்பைத் திறந்தாள். கல்யாண மண்டபங்களுக்கான இணையதளம். 'புக் செய்' பட்டன் பச்சையாக வேண்டுமென்று கேட்ட கஸ்டமர் பத்து மணிக்கு வருகிறார். இன்று சொதப்பினால் வேலை நிரந்தரமாகாது. அந்தப் பாழாய்ப்போன பட்டனோ சாம்பலாகவே கிடந்தது.

ஒரே பட்டனுக்கு இரண்டு நிற விதிகள் இருந்தால் கடைசியில் எழுதியதுதான் செல்லும் என்று நம்பி, அவள் தன் விதியை ஃபைலின் அடியில் போட்டிருந்தாள். பலத்துக்கு நாலு கிளாஸ் பெயர்களை வேறு அதில் கோத்திருந்தாள். டீம் லீட் உதய்க்கு போன் போட்டாள்.

"கேஷ் கிளியர் மாடிப் பாரும்மா," என்று கன்னடம் கலந்து சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

பிரவுசர் சேர்த்து வைத்திருந்த பழைய நகல்களை அழித்து அதையும் செய்தாள். ஒன்றும் மாறவில்லை. பிரவுசரில் பட்டனை ஆராய்ந்தபோது அவளுடைய வரியின் மேல், செல்லாது என்று கோடு விழுந்திருந்தது. அதற்கு மேலே உதய் போன வருடம் எழுதிய விதி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதில் ஒரு ஐடி இருந்தது. ஒரு ஐடிக்கு முன்னால் எத்தனை கிளாஸ் சேர்ந்தாலும் செல்லாது. இரண்டு விதிக்கும் பலம் சமமாக இருந்தால்தான் கடைசியில் வந்தது ஜெயிக்கும். கேஷாம் கேஷ்! எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அதே ஐடியைத் தன் விதியின் முன்னால் ஒட்டினாள். பட்டன் பச்சையானது. நிம்மதியாக அனுப்பிவிட்டாள்.

பத்து மணிக்கு ஆபீசில் பச்சையைப் பார்த்துக் கஸ்டமர் தலையாட்டினார். பிறகு, ஏற்கெனவே பதிவாகிவிட்ட தேதிக்குப் போனார். அங்கேயும் பச்சை.

"இது சாம்பலாத்தானே இருக்கணும்?"

பதிவான தேதிகளில் பட்டனைச் சாம்பலாக்கும் பகுதி, கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறும் மம்தாவுடையது. அவளும் வேலைக்குப் புதிது. மூன்று கிளாஸ் வைத்து அவள் எழுதிய சாம்பல் விதி ஒருநாளும் வேலை செய்ததில்லை. எல்லாத் தேதியையும் சாம்பலாக்கிய உதயின் விதி அந்தக் குறையை மூடி வைத்திருந்தது. இப்போது ஜூடித்தின் ஐடி அதன்மேல் ஏறி நின்றது. தன்னால்தான் என்று ஜூடித்துக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது.

"மம்தா, இதைக்கூட டெஸ்ட் பண்ண மாட்டியா?" உதய் எல்லார் முன்னாலும் கத்தினான். ஜூடித் வாயைத் திறந்தாள். "உன் பச்சை சூப்பர்," என்றான் அவளிடம். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மாலைக்குள் ஜூடித்துக்கு வேலை நிரந்தரமானது. மம்தாவை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

திரும்பும் ரயிலில் மம்தாதான் கைக்குட்டை போட்டு ஜூடித்துக்கு இடம் பிடித்திருந்தாள். அழுது வீங்கிய முகத்தோடு லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, நேத்து வரிக்கும் சாம்பலாத்தான் இருந்துச்சு. இன்னிக்கி பாத்தா என் வரி மேல கோடு போட்டுருக்கு. நான் இன்னா தப்புக்கா பண்ணேன்?"

ஜூடித்துக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. மம்தா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேஷ் கிளியர் பண்ணிப் பாரும்மா," என்றாள் ஜூடித்.