சொல்லாத வாழ்த்து

தீபாவளியன்று காலையில் சுந்தரவல்லி போனையே முறைத்துக்கொண்டிருந்தாள். மகள் மதுமதிக்கு நிச்சயதார்த்தம் தை மாதம்தான். சம்பந்தம் பேசி முடித்தபின் வரும் முதல் பண்டிகை இது. பெண் வீட்டார்தான் முதலில் கூப்பிட்டு வாழ்த்த வேண்டும் என்று அவளுடைய அக்கா இரண்டு நாளாக உயிரை எடுத்தாள். கொழுந்தன் இறந்து மூன்று மாதம்கூட முடியவில்லை. ஒரு வருஷத்துக்குப் பண்டிகை இல்லாத வீட்டிலிருந்து எந்த வாயால் வாழ்த்துவது?

ஏழு மணிக்கு மயிலாப்பூரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா விசாலமே கூப்பிட்டாள்.

“மதுமதி அம்மா, இந்த வருஷம் நீங்க எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டீங்க. உங்களுக்கும் சேர்த்து அதிரசமும் முறுக்கும் சுட்டுட்டேன். தட்டு, வெத்தலை பாக்கு எதுவும் இல்ல. சும்மா ஒரு தூக்குல போட்டு, நானும் அவரும் எடுத்துட்டு வரோம்.”

“நாங்கதான் முதல்ல கூப்பிட்டிருக்கணும்...”

“துக்கத்துல இருக்கிறவங்ககிட்ட யாராவது முறை பார்ப்பாங்களா? காபி குடிச்சீங்களா, முதல்ல அதைச் சொல்லுங்க.”

போனை வைத்ததும் கணவர் வைரவன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“வாழ்த்து சொன்னாங்களா?”

“ஒரு வார்த்தை சொல்லலைங்க” என்று சுந்தரவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “நம்ம மது குடுத்துவச்சவ.”