மாப் போத்தலின் உட்பக்கம்

உடுப்பிட்டியில் தனியாக இருக்கும் அம்மா, சாமான் அலுமாரியை இரண்டு படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். "எல்லாம் நிறைய இருக்கு, கவலைப்படாதை" என்று குரல் பதிவும் கூட. டொரோண்டோவில் இருந்து அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

பருப்புப் போத்தலின் மூடியடியில் ஒட்டடை போல நூல், அதில் பருப்பு ஒட்டித் தொங்கியது. அரிசிப் போத்தலின் கண்ணாடியில் கபிலப் புள்ளிகள். அடுத்த படத்தில் அவை இடம் மாறியிருந்தன. அவித்த கோதுமை மா ஒரு பக்கம் கட்டிபட்டுச் சாம்பல் பூத்திருந்தது.

உடனே அழைத்தேன்.

"அம்மா, அரிசியிலை வண்டு. பருப்பிலை புழு கூடு கட்டியிருக்கு. மா பூஞ்சணம் பிடிச்சிட்டுது. எல்லாத்தையும் கொட்டுங்கோ!"

"கண்ணாடி போட்டுத்தான் பாத்தனான் பிள்ளை. ஒண்டும் இல்லை."

"இங்கை இருக்கிற எனக்குத் தெரியுது, பக்கத்திலை நிக்கிற உங்களுக்குத் தெரியேல்லையோ?" கத்திவிட்டேன். "இண்டைக்கே கழுவி, புதுசா நிரப்பிப் படம் அனுப்புங்கோ!"

அம்மா அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

மறுநாள் காலை நான் வேலைக்குப் புறப்படும்போது படம் வந்தது. போத்தல்கள் பளபளத்தன. கூட வந்த பதிவில் அம்மாவின் குரல் களைத்திருந்தது.

"நெல்லியடிக்குப் போய் எல்லாம் புதுசா வாங்கினனான். மாவையும் அவிச்சு அரிச்சுச் சூடோடை அடைச்சிட்டன். நீ பாத்துக்கொண்டிருப்பாய் எண்டு போத்தலைக் காயவும் விடேல்லை. இப்ப சந்தோசமோ?"

படத்தைப் பெரிதாக்கினேன். மாப் போத்தலின் உட்பக்கம் முழுக்க நீர்த்துளிகள்; இந்த மாவும் பூஞ்சணம் பிடிக்கும்.

"ஓம் அம்மா" என்று எழுதினேன்.